வீட்டு ஓனருக்கு ஒரு கடிதம்: தையல் மெஷின் போட அனுமதி கேட்கிறேன்

முத்தியால்பேட்டை பொண்ணு:
வணக்கம். கல்யாணமாகிப் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. பாரிஸ் புறநகர் லா கூர்னவில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. ஊரில் அம்மாவோடு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் சின்ன அறையில் ஒரு மெஷின், ஒரு ஓவர்லாக் போட்டு, மைக்ரோ என்கிற சிறுதொழில் முறையில் பதிவு செய்து தொழிலைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஓனர் நம்ம ஊர்க்காரர், சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். குளிர்காலம் முழுக்கப் புதுச்சேரியில்தான் இருப்பார். அவருக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"அன்புள்ள மாமாவுக்கு, நலம், நலமறிய ஆவல். வீட்டில் சின்னதாக ஒரு டெய்லர் கடை வைத்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். வருகிறவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறேன். வேண்டுமானால் வாடகை கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்."

கடலூர் ஓட்டி:
தங்கச்சி, முதலில் கரண்ட் மீட்டரைப் பாரு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியை ஒரு டெய்லருக்கு விட்டோம். ஈபிக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கடைக் கணக்கில் மாற்றச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் அலைந்தோம்.

முத்தியால்பேட்டை பொண்ணு:
அண்ணா, நான் கேட்டது லா கூர்னவ் வீட்டைப் பற்றி. ஓனர் மட்டும்தான் புதுச்சேரியில்.

பாரிஸ் பத்து வருஷம்:
கடிதமே தேவையில்லை. குடியிருக்கிற வீட்டு முகவரியில் மைக்ரோ பதிவு செய்ய இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை, இணையத்தில் பதிந்தேன், முடிந்தது. ஓனரைக் கேட்டால்தான் வம்பு.

ரிட்டயர்டு அக்கா, இப்போது லாஸ்பேட்டை:
தம்பி சொல்வது பாதி சரி. நான் பாரிஸ் பக்கம் அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவள். வாடகைப் பத்திரத்தில் தடை இல்லாவிட்டால் முகவரியைப் பதியலாம், உண்மை. ஆனால் முகவரி போடுவது வேறு, அந்த அறையில் உட்கார்ந்து தொழில் செய்வது வேறு. தம்பி என்ன தொழில்?

பாரிஸ் பத்து வருஷம்:
டாக்ஸி ஓட்டுகிறேன் அக்கா.

ரிட்டயர்டு அக்கா, இப்போது லாஸ்பேட்டை:
அதுதான். உன் தொழில் தெருவில் நடக்கிறது, இவள் தொழில் வீட்டுக்குள் நடக்கப்போகிறது. லா கூர்னவ் இருக்கிற சென்-சன்-தெனி மாவட்டத்தில் குடியிருப்பு வீட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்த மேரியின் அனுமதி வேண்டும். (நம் கடற்கரையில் இருக்கிற மேரி கட்டடம் மாதிரிதான், அங்கேயும் நகராட்சிக்கு அதே பெயர்.) அதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உன் முதன்மைக் குடியிருப்பாக இருக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே வேலை செய்ய வேண்டும். வாடிக்கையாளர் வரக்கூடாது, சரக்கு வந்து இறங்கக்கூடாது. இத்தனையும் சரியாக இருந்தால் மேரிக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது உன் கடிதத்தைப் பாரம்மா. "கடை" என்று எழுதியிருக்கிறாய். "வருகிறவர்கள்" என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு சொல்லே விலக்கை உடைத்துவிடும். வாடகையை நீயே கூட்டித் தருகிறேன் என்பது அதைவிட மோசம், கடைவாடகை மாதிரி ஆகிவிடும். அங்கே ஓனர்களுக்கு இருக்கிற பெரிய பயமே அதுதான். குடியிருக்க விட்டவன் நாளைக்குக் கடைக்கு உரிய வாடகை உரிமை கேட்டுவிடுவானோ, காலி பண்ண வைக்க முடியாமல் போய்விடுமோ என்று. அந்தப் பயத்தை உன் கடிதமே போக்க வேண்டும். நலம் விசாரிப்பதை போனில் வைத்துக்கொள்.

இன்னொன்று, ஓனர் சரி என்றால் மட்டும் போதாது. கட்டடத்துக்கு என்று ஒரு பொது விதிப் புத்தகம் உண்டு. சில கட்டடங்களில் குடியிருப்பு தவிர வேறு எதுவும் கூடாது என்று இருக்கும். அப்படி இருந்தால் ஓனர் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிறுத்த வைக்கலாம். அந்தப் பக்கங்களின் நகலை வாடகைப் பத்திரத்தோடு ஓனர் உனக்குத் தந்திருக்க வேண்டும். தரவில்லை என்றால் இந்தக் கடிதத்திலேயே கேள்.

முத்தியால்பேட்டை பொண்ணு:
ஆள் வராமல் எப்படி அக்கா ஜாக்கெட் தைப்பது? அளவு எடுக்க வேண்டுமே.

ரிட்டயர்டு அக்கா, இப்போது லாஸ்பேட்டை:
உங்கள் அம்மா எப்படித் தைத்தார்கள்? பாதிப் பேர் அளவு ஜாக்கெட்டைத்தானே பையில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். அதையே செய். புதிதாக அளவு எடுக்க வேண்டியவர்கள் வீட்டுக்கு நீ டேப்பை எடுத்துக்கொண்டு போ. போட்டுப் பார்ப்பதும் அவர்கள் வீட்டில்தான்.

லியோன் சித்தப்பா:
இன்ஷூரன்ஸையும் பாரும்மா. போன வருஷம் என் மனைவி தைக்க வாங்கிய ஒரு பட்டுப் புடவையில் இஸ்திரிப் பெட்டி பட்டு, முந்தியில் உள்ளங்கை அகலம் பொசுங்கிவிட்டது. வீட்டு இன்ஷூரன்ஸில் கேட்டோம். அடுத்தவர் துணி, தொழிலுக்கு வாங்கியது, எங்கள் பாலிசியில் வராது என்றார்கள். நாங்கள்தான் கொடுத்தோம். அப்புறம்தான் தொழிலுக்குத் தனிப் பாலிசி போட்டோம்.

முத்தியால்பேட்டை பொண்ணு:
நன்றி சித்தப்பா. திருத்தி எழுதிவிட்டேன். இதையே பிரெஞ்சிலும் எழுதி இணைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் லா கூர்னவ் வீட்டில் குடியிருக்கும் நான், அதன் சிறிய அறையில் தையல் வேலை செய்யவும், அந்த முகவரியில் என் தொழிலைப் பதிவு செய்யவும் தங்கள் எழுத்துமூல அனுமதியைக் கேட்கிறேன்.

வேலையை நான் ஒருத்தி மட்டுமே செய்வேன். வாடிக்கையாளர் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். அளவு எடுப்பதும் துணி வாங்குவதும் கொடுப்பதும் வெளியில் நடக்கும். ஊரிலிருந்து லைனிங் துணி மாதம் ஒரு சிறு பார்சலாகத் தபாலில் வரும். பெயர்ப் பலகை எதுவும் வைக்கமாட்டேன். வீட்டு உபயோக மெஷின் ஒன்றும் ஓவர்லாக் ஒன்றும் ரப்பர் விரிப்பின் மேல் இருக்கும். காலை 9 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 6 வரை மட்டுமே ஓடும், ஞாயிறு ஓடாது.

வீடு எங்கள் முதன்மைக் குடியிருப்பாகவே இருக்கும். வாடகைப் பத்திரம் குடியிருப்புப் பத்திரமாகவே தொடரும். இந்த அனுமதியைக் காட்டிக் கடை வாடகை உரிமை எதையும் கோரமாட்டேன். தொழிலுக்கான இன்ஷூரன்ஸ் நகலைத் தொடங்கும் முன் அனுப்புகிறேன்.

கட்டட விதிகளில் வீட்டின் பயன்பாடு பற்றிய பக்கங்களின் நகலையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பாரிஸ் பத்து வருஷம்:
பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

ரிட்டயர்டு அக்கா, இப்போது லாஸ்பேட்டை:
கூடாது. சும்மா இருந்தால் சம்மதம் என்று ஆகாது. போனில் "செய்யும்மா" என்று சொன்னாலும் நாளைக்குக் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்காது. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பு. அவர் இங்கே ஊரில் இருப்பதால் அம்மா நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வந்தாலும் சரி. கடிதத்தில் பார்சல் பற்றி எழுதிய வரிதான் எனக்கு உறுத்துகிறது. சரக்கு வரக்கூடாது என்றுதான் விதி. தபால்காரர் கொண்டுவரும் ஒரு கிலோ பொட்டலம் அதில் சேருமா என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

லியோன் சித்தப்பா:
எல்லார் வீட்டுக்கும்தான் பார்சல் வருகிறது. அதை எதற்கு எழுதி மாட்டிக்கொள்வது?

ரிட்டயர்டு அக்கா, இப்போது லாஸ்பேட்டை:
மறைத்துவிட்டுப் பிறகு கீழ்வீட்டுக்காரர் சொல்லி ஓனருக்குத் தெரிவதைவிட எழுதிவிடுவது மேல். என் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை பொண்ணு:
பதினொரு நாள் கழித்து வருகிறேன். அம்மா கடிதத்தை ஓனர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காபி கொடுத்து உட்கார வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பிரெஞ்சுப் பிரதியை இரண்டு தடவை படித்தாராம். கடை வாடகை உரிமை பற்றிய வாக்கியம் வந்ததும் "யார் எழுதிக் கொடுத்தது?" என்று சிரித்தாராம். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். ஆனால் பார்சல் வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் "இதைக் கட்டட நிர்வாகியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். விதிப் புத்தக நகல் லா கூர்னவில் அவர் மகனிடம் இருக்கிறதாம், சனிக்கிழமை போய் வாங்க வேண்டும். அதுவரை லைனிங் துணியை இங்கேயே கடையில் வாங்கிக்கொள்கிறேன். விலைதான் ஊரைவிட மூன்று மடங்கு.