தரவுத்தளம் என்றால் டேட்டாபேஸ் அல்லவா?

மலர்விழி:
வணக்கம். எங்கள் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மென்பொருள்வழி வலையமைப்பு பாடத்தில், தரவுப் பொதிகள் எந்த வழியில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தி மென்பொருள் முடிவெடுக்கும் கன்ட்ரோல் பிளேனைக் கட்டுப்பாட்டுத்தளம் என்றும், அதன்படி ஸ்விட்சுகள் பொதிகளை அனுப்பும் டேட்டா பிளேனைத் தரவுத்தளம் என்றும் எழுதியிருந்தேன். போன தேர்வில் 'கட்டுப்படுத்தி நின்றுபோனால் தரவுத்தளம் என்ன ஆகும்?' என்று கேட்டேன். பாதிப் பேர் காப்புநகலில் இருந்து அட்டவணைகளை மீட்பது எப்படி என்று விடை எழுதிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வேறு சொல் தாருங்கள்.

இளங்கோ:
தரவுத்தளம் நன்றாக நிலைத்துவிட்ட சொல், அதில் கை வைக்காதீர்கள். ஒரு நூலக மென்பொருளில் நான் 'தகவற்கிடங்கு' என்று மாற்றிவிட்டு, ஒரு மாதம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலர்விழி:
அதை மாற்றச் சொல்லவில்லை ஐயா. அந்தச் சொல் டேட்டாபேஸுக்கே இருக்கட்டும். டேட்டா பிளேனுக்குத்தான் தேடுகிறேன்.

சிவராமன்:
நம்மிடம் ஆற்றுப்படை இருக்கிறதே! ஆறு என்றால் வழி. வழி தெரியாமல் வரும் பாணனுக்கு, இப்படிப் போ, இன்னாரிடம் சேர் என்று சொல்வது ஆற்றுப்படுத்துதல். பொதியும் பாணன் மாதிரிதான். வழி சொல்வது ஆற்றுப்படுத்துதளம், அதன்படி நடப்பது ஆறுசெல்தளம். செல்தளம் வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

கயல்:
ஆற்றுப்படையில் வழி சொல்பவர் அந்த வழியில் தானே போய்ப் பரிசில் பெற்று வந்தவர். கட்டுப்படுத்தி எங்கேயும் போகாது. அப்புறம், ஆற்றுப்படுத்துநர் என்பதை இப்போது உளவள ஆலோசகருக்குச் சொல்கிறோம். மறுபடியும் அதே குழப்பம்தான் வரும்.

இளங்கோ:
எல்லாப் பொதியும் மையக் கட்டுப்படுத்தி வழியாகத்தானே போகிறது? மையத்தளம், ஓரத்தளம் என்று வைத்தால் என்ன?

நௌஷாத்:
அது பாதிதான் சரி, இளங்கோ. பொருத்தமான விதி இல்லாத பொதி மட்டும்தான் கட்டுப்படுத்திக்குப் போகும். மற்றவற்றை ஸ்விட்சே அனுப்பிவிடும். மலர்விழி, உங்கள் கேள்வியையே ஆய்வகத்தில் செய்து காட்டுங்கள், சொல்லும் அதிலிருந்தே கிடைக்கும். `br0` என்ற ஓபன் விஸ்விட்சில் முதலில் இதை இடுங்கள்:

```
ovs-vsctl set-fail-mode br0 secure
```

முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்கு நொடிக்கு ஒரு பிங். முதல் பதில் மட்டும் தாமதமாக வரும். பொதி கட்டுப்படுத்தியிடம் போய், அது விதி எழுதி அனுப்பும் நேரம் அது. அடுத்தவை சட்டென்று வந்துவிடும். இப்போது கட்டுப்படுத்தியை நிறுத்துங்கள். பிங் நிற்காது. விதிகளைப் பாருங்கள்:

```
ovs-ofctl dump-flows br0
```

விதிப்படி போன பொதிகளின் எண்ணிக்கையான `n_packets` ஏறிக்கொண்டே இருக்கும். விதியில் `idle_timeout=10` என்று இருந்தால், பத்து நொடி எதுவும் போகாவிட்டால்தான் அது அழியும். பிங்கை நிறுத்தி இருபது நொடி கழித்துத் தொடங்குங்கள், போகாது. இதுவரை பேசாத மூன்றாவது கணினிக்கோ முதலிலிருந்தே போகாது. ஆக, நிற்பது முடிவெடுக்கும் வேலை. எடுத்த முடிவின்படி செலுத்தும் வேலை நிற்பதில்லை. செலுத்துதளம் என்று சொல்லுங்கள்.

மலர்விழி:
முதலில் அந்த secure வரியை விட்டுவிட்டுச் செய்தேன். சிறிது நேரத்தில் மூன்றாவது கணினிக்கும் பிங் போனதே?

நௌஷாத்:
போகும். அந்த வரி இல்லாவிட்டால் `standalone` முறை. கட்டுப்படுத்தியைக் காணவில்லை என்றதும் ஸ்விட்ச் பழையபடி தானே முகவரிகளைக் கற்றுக்கொண்டு அனுப்பத் தொடங்கும். மாணவர்கள் தவறான முடிவுக்கு வருவது இங்கேதான். கையேட்டில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கயல்:
செலுத்துதளம் எனக்குச் சம்மதம். கடத்துதளம் என்று யாராவது சொல்வதற்கு முன் முடித்துவிடலாம், கடத்தல் என்றதும் பிள்ளைகளுக்கு வேறு நினைவு வரும். ஆனால் 'தளம்' நெருடுகிறது. வலைத்தளம், இயங்குதளம், எல்லாமே தளம். அடுக்கு என்று வைக்கலாமா?

நௌஷாத்:
வேண்டாம். அடுக்கு என்றால் லேயர். இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று அதே பாடத்தில் வேறு பொருளில் வருகிறது. 'மைய' என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. பெரிய வலையமைப்பில் மூன்று கட்டுப்படுத்திகள் சேர்ந்து ஒன்றைப்போல் நடந்துகொள்ளும். மையம் என்றால் ஒரே பெட்டி என்று நினைத்துவிடுவார்கள்.

சிவராமன்:
செலுத்துதளத்தை ஏற்கிறேன். ஆனால் கட்டுப்பாடு என்ற சொல்லில் தடுப்பதும் அடக்குவதும்தான் முன்னால் நிற்கின்றன. இங்கே நடப்பது வழி வகுப்பது. வகுதளம் என்றாவது எழுதுங்கள்.

மலர்விழி:
கட்டுப்பாட்டுத்தளம், செலுத்துதளம். இந்தப் பதிப்பில் இப்படியே போகட்டும். கையேட்டில் 'மையக் கட்டுப்படுத்தி' என்று இருந்ததில் 'மைய' என்பதை எடுத்துவிட்டேன். வகுதளத்தை நாளை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன் ஐயா.

சிவராமன்:
வகுதளம், செலுத்துதளம் என்று சேர்த்தே சொல்லிப் பாருங்கள். தனியாகச் சொன்னால் புரியாது.