டெனோஃபோவிரை நிறுத்திய அண்ணன்

மதுரைத் தங்கை:
ரத்த தானம் செய்யச் சென்றபோதுதான் அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. அதற்கான டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கிய பின் கல்லீரல் பரிசோதனைகள் சீரானதால், குணமாகிவிட்டதாக எண்ணி யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார். சில மாதங்கள் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே அமர்ந்திருந்த அவரது கண்வெள்ளை முழுதும் மஞ்சளாக இருந்ததைக் கண்டேன். மருத்துவமனையில் சேர்த்து, அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய பிறகே பிழைத்தார். ஆயுள் முழுவதும் விழுங்கத்தான் வேண்டுமா?

செல்வம்:
காமாலைக்கு மாத்திரை எதற்கு? எங்கள் விடுதியில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தது. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தேன். ஒரு மாதத்தில் தெளிந்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எந்தக் காமாலையும் அண்டாது.

வார்டு செவிலி:
செல்வம் அண்ணா, விடுதியில் பரவியது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ வகையாக இருந்திருக்கும். மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வரும் அது உடலில் நிலைத்துத் தங்காது. கீழாநெல்லி குடிக்காதவர்களும் உங்களைப் போலவே தேறியிருப்பார்கள். ஏ வந்தவர்களிலும் மிகச் சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பதுண்டு. நோயாளி தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ உளறினாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி என்பதோ ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுவது. தண்ணீரைக் காய்ச்சுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கீழாநெல்லி அதைப் போக்குவதாக 1988இல் சென்னை ஆய்வொன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது உண்மைதான், ஆனால் பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். பி வைரஸ் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் கருவுக்குள் பதித்து வைக்கிறது. மாத்திரை பெருக்கத்தை அடக்குமே தவிர, அந்த இருப்பை அகற்றாது. ஆகவேதான் நிறுத்தியதும் மீண்டெழுந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், பெரியவர்களாகித் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவு. அண்ணனுக்கும் தாயிடமிருந்தே வந்திருக்கலாம், எனவே நீங்களும் மற்ற உடன்பிறப்புகளும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேனும் தேவைப்படலாம், ஏனெனில் பி வகையில் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரக்கூடும்.

தாலசீமியா அம்மா:
என் மகனுக்கு ஏற்றிய ரத்தத்தால் ஹெபடைட்டிஸ் சி வந்தது. சொஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் பன்னிரண்டு வாரம் கொடுத்து நிறுத்திவிட்டோம், வைரஸ் இல்லையென்று அறிக்கை வந்தது. அப்படியிருக்க, அண்ணன் ஏன் நிறுத்தக் கூடாது? இன்னொன்று: பல் பிடுங்கப் போன இடத்தில் 'ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சரிதானா?

வார்டு செவிலி:
அம்மா, சி வைரஸ் செல்லின் கருவுக்குள் ஒளிவதில்லை. அதனால்தான் முழுதாக நீங்குகிறது. ஆன்டிபாடி குணமான பின்னும் பல ஆண்டுகள் பாசிட்டிவாகவே இருக்கும், ஆகவே ரத்தத்தில் வைரஸே இல்லை என்று காட்டும் ஆர்என்ஏ அறிக்கையைக் காட்டுங்கள். ஆனால் அந்த ஆன்டிபாடி மீண்டும் தொற்றாமல் காக்காது. சி வகைக்குத் தடுப்பூசியும் இல்லை.

மதுரைத் தங்கை:
அப்படியென்றால் அண்ணன் எப்போதுமே நிறுத்த முடியாதா?

வார்டு செவிலி:
ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதமே மறைந்துபோகும் சிலருக்கு மருத்துவர் நிறுத்துவதுண்டு. அண்ணனுக்கு அது நேருமா என்பதை இப்போது யாராலும் சொல்ல இயலாது.

செல்வம்:
கீழாநெல்லியால் தீங்கில்லையே, அதையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.