"இல்லாவிட்டால் இல்லை", "இல்லாமல் ஒருபோதும் இல்லை": கிரகித்தல் வினாவில் குழப்பம், உதவி தேவை

உப்புவெளி மாணவி:
அவசரம், நாளை வகுப்பில் மாதிரித்தாள் இருக்கிறது. பந்தியில் இப்படி வருகிறது: "கடல் அடங்கினாலன்றிப் புறாத்தீவுக்குப் படகு விடப்படுவதில்லை. நுழைவுச்சீட்டு இல்லாமல் எவரும் ஒருபோதும் தீவில் இறக்கப்படுவதில்லை." நான் (அ) போட்டேன், விடைத்தாளில் (ஆ) என்று இருக்கிறது. ஏன்?

மூதூர் தம்பி:
அக்கா, (அ)வும் (ஆ)வும் என்னவென்று போடாமல் எப்படிச் சொல்வது?

பழைய வாசகர்:
வினாவையே முழுதாகப் போடத் தெரியாதவர்கள் கிரகித்தல் வினாவில் தடுமாறுவதில் வியப்பில்லை. முதலில் பந்தியை ஆறுதலாக வாசிக்கப் பழகுங்கள்.

கிண்ணியா கணக்கு:
இது சின்ன விடயம். எதிர்மறைகளை எண்ணுங்கள். இரண்டு வந்தால் ஒன்றையொன்று வெட்டிவிடும், மிச்சம் நேர் வாக்கியம். "அடங்கினாலன்றி விடப்படுவதில்லை" என்றால் "அடங்கினால் விடப்படும்". விடைத்தாளில்தான் பிழை இருக்க வேண்டும்.

நிலாவெளி படகு:
புறாத்தீவுக்கு நாங்களும் படகு விடுகிறோம். மாரியில் கடல் கொந்தளித்தால் ஒருவரையும் ஏற்றமாட்டோம், அது சரி. ஆனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கிற நாளிலும் ஆள் சேராவிட்டால் படகு கரையில்தான் நிற்கும். எப்ப வருகிறீர்கள் என்று சொல்லுங்கள் தங்கச்சி, பார்க்கலாம்.

உப்புவெளி மாணவி:
அண்ணா, நான் பயணம் போகக் கேட்கவில்லை :) தெரிவுகள் இவை.
அ) கடல் அடங்கினால் படகு விடப்படும்.
ஆ) படகு விடப்பட்ட நாளில் கடல் அடங்கியிருந்தது.
இ) நுழைவுச்சீட்டு உள்ள எல்லோரும் தீவில் இறக்கப்படுவர்.
ஈ) கடல் அடங்காத நாளிலும் சிலவேளை படகு விடப்படும்.

கோணமலை டீச்சர்:
விடைத்தாள் சரி. படகுத் தம்பி வேறு எதையோ சொல்ல வந்தாலும் விடையை அவர்தான் சொல்லியிருக்கிறார்.

வெட்டுகிற முறை எல்லா இடத்திலும் பிழை என்று சொல்லமாட்டேன். "அவரிடம் பணம் இல்லாமல் இல்லை" என்பதில் இரண்டு எதிர்மறையும் பணம் என்ற ஒரே விடயத்தின் மேல் விழுகின்றன, அதனால் பணம் இருக்கிறது என்று எடுக்கலாம். இங்கே ஒன்று கடலின் மேலும் மற்றது படகின் மேலும் விழுகிறது. இரண்டு வேறு விடயங்கள், ஒன்று மற்றதை வெட்டாது.

இப்படியான வாக்கியத்தைக் கண்டால் "இது எந்தக் காட்சியைத் தடுக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கடலுக்கும் படகுக்கும் நான்கு காட்சிகள்தான் உண்டு: அடங்கிய கடலும் போகும் படகும், அடங்கிய கடலும் நிற்கும் படகும், கொந்தளிப்பும் போகும் படகும், கொந்தளிப்பும் நிற்கும் படகும். வாக்கியம் தடுப்பது மூன்றாவதை மட்டுமே. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சம் மூன்றையும் வைத்துத் தெரிவுகளைப் பாருங்கள். (அ) உண்மையாக வேண்டுமென்றால் இரண்டாவது காட்சியும் நடக்கக்கூடாது, அதைப் பந்தி தடுக்கவில்லை. (ஈ) அடித்த காட்சியையே திரும்பக் கொண்டுவருகிறது. (ஆ)வோ மிச்சமுள்ள மூன்றிலும் நிற்கிறது, ஏனென்றால் அவற்றில் படகு போவது ஒரேயொரு காட்சியில், அதில் கடல் அடங்கியிருக்கிறது. சீட்டுக்கும் இதே கதைதான்: தடுக்கப்பட்டது சீட்டில்லாமல் இறங்குவது. சீட்டோடு கரையில் நிற்பவரைப் பற்றிப் பந்தி பேசவில்லை, ஆகவே (இ)யும் விடையாகாது.

கிண்ணியா கணக்கு:
டீச்சர், கணக்குப்படி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "சாப்பிடாவிட்டால் விளையாடப் போக முடியாது" என்று அம்மா சொன்னால் பிள்ளை என்ன விளங்கும்? சாப்பிட்டால் போகலாம் என்றுதானே! மனிசர் கதைக்கிற மாதிரி வாசித்த பிள்ளைக்குப் புள்ளி குறைப்பது நியாயமா?

பழைய வாசகர்:
பரீட்சை அம்மா வீடு இல்லை.

மூதூர் தம்பி:
கணக்கு அண்ணா சொல்வதிலும் விடயம் இருக்கிறது. எங்கள் அம்மா அப்படிச் சொல்லி, சாப்பிட்ட பிறகும் விடாவிட்டால் ஏமாற்றிவிட்டார் என்றுதான் சொல்வோம்.

கோணமலை டீச்சர்:
அம்மா சொல்வதில் வாக்குறுதியும் சேர்ந்தே வருகிறது, பிள்ளைக்கு அது தெரியும். பந்தியில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, எழுதியதை மட்டும்தான் எடுக்கலாம்.

கிண்ணியா கணக்கு:
அதை வினாவிலேயே "பந்தியின்படி மட்டும்" என்று போட வேண்டும். போடாத தாள்களும் இருக்கின்றன. நான் இதை விடமாட்டேன்.

உப்புவெளி மாணவி:
டீச்சர், நான்கையும் எழுதி அடித்துப் பார்த்தேன், (ஆ) மட்டும்தான் நிற்கிறது. நன்றி. அடுத்த வினாவில் "கடல் அடங்காவிட்டால் படகு விடப்படாது என்பது உண்மையல்ல" என்று வருகிறது. அப்போ கொந்தளிப்பில் எப்போதும் படகு போகுமா?

கோணமலை டீச்சர்:
இல்லை பிள்ளை. "உண்மையல்ல" என்பது நீங்கள் போட்ட கோட்டை அழிக்கிறது. அடித்த காட்சி ஒரு தடவையாவது நடந்திருக்கிறது, அல்லது நடக்கலாம், அவ்வளவுதான். "எப்போதும்" என்று வருகிற தெரிவை எடுக்காதீர்கள், "சிலவேளை" என்று வருவதைப் பாருங்கள்.

மூதூர் தம்பி:
நடந்திருக்கிறதா, நடக்கலாமா? இரண்டும் ஒன்றில்லையே டீச்சர். தெரிவில் இரண்டும் தனித்தனியாக வந்தால் எதைப் போடுவது?