மல்டி எஷலான் இன்வெண்டரி: டிப்போக்காரருக்குப் புரிகிற சொல் வேண்டும்

கவிதா:

குழுவினருக்கு வணக்கம். கோவையில் நீர்மூழ்கி பம்ப் செய்யும் ஒரு நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் டிப்போவில் ஸ்டாக் பார்க்கிறவர்கள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு சொற்களில் தட்டி நிற்கிறேன். ஒன்று தலைப்பே: மல்டி எஷலான் இன்வெண்டரி. தொழிற்சாலை, வட்டார டிப்போ, ஊர்க் கடை மூன்றிலும் எவ்வளவு சரக்கு இருக்க வேண்டும் என்பதைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே கணக்காகப் போடுவது. 'பன்னடுக்குச் சரக்கிருப்பு' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது எஷலான் ஸ்டாக். தலைப்பை ஒட்டி 'அடுக்கு இருப்பு' என்று போட்டுவிட்டேன். சரிதானா?

வேலாயுதம்:

அன்புள்ள கவிதா அம்மா, 'பன்னடுக்கு' பிழை. பன்மொழி, பன்முகம், பன்னாடு என்று வருவது பின்னால் மெல்லெழுத்து நிற்பதால். உயிரெழுத்து வந்தால் பல் என்பதன் ஒற்று இரட்டிக்கும், அவ்வளவுதான். பல்லடுக்கு என்பதே சரி. பத்திரிகைகள் எழுதுகின்றன என்பதற்காக நாமும் எழுத வேண்டாம்.

எஷலான் பிரெஞ்சுச் சொல். ஏணியின் படி என்று பொருள். ஏ, ஏறு, ஏணி எல்லாமே மேல்நோக்கும் சொற்கள். பிரெஞ்சுக்காரரின் 'எஷெல்' நம் ஏணியோடு ஒலியிலும் நெருங்குவதைக் கவனியுங்கள். 'ஏணிப்படி இருப்பு' என்றால் மூலத்துக்கும் நேர்மையாக இருக்கும்.

மாலதி:

ஐயா, எஷெல் லத்தீன் 'ஸ்காலா'விலிருந்து வந்தது. ஏணியோடு அதற்கு உறவில்லை. 'படி' என்று எடுத்தாலும் சிக்கல்தான்: 'பலபடி'யை வேதியியல் பாடநூல் பாலிமருக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. என் மாணவர்கள் பிளாஸ்டிக் கிடங்கு என்று நினைப்பார்கள்.

எஷலான் ஸ்டாக்குக்கு 'அடுக்கு இருப்பு' சரி என்றே தோன்றுகிறது. ஒரு டிப்போவின் கீழ் நான்கு கடை இருந்தால், அந்த நான்கையும் கூட்டினால் கடை அடுக்கின் இருப்பு. டிப்போக்களைக் கூட்டினால் டிப்போ அடுக்கின் இருப்பு. வகுப்பில் இப்படித்தான் சொல்கிறேன்.

நஸீர்:

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பல்லடுக்கு இருப்பு என்றால் எங்களுக்கு ரேக்தான். மேல் தட்டில் டானிக், கீழ்த் தட்டில் சலைன் பாட்டில். ஐந்து தட்டுக்கு மேல் போகாதீர்கள், பையன்கள் ஏணி போட்டு ஏறி விழுகிறார்கள். வேலாயுதம் ஐயாவின் ஏணியும் அங்கே சரியாக வந்துவிடுகிறது.

கவிதா:

நஸீர் அண்ணா, கேள்வி அதுவல்ல. ஆனால் நீங்கள் தவறாகப் படித்ததே எனக்கு உதவி. டிப்போவில் இருப்பவரும் ரேக் என்றுதான் படிப்பார். அடுக்கு வேண்டாம்.

சுந்தர்:

தாமதமாக வருகிறேன். இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். தலைப்புக்கு எதை வேண்டுமானாலும் வையுங்கள், டிப்போக்காரர் தலைப்பைப் படிக்க மாட்டார். இரண்டாவது சொல்தான் ஆபத்து. மாலதி மேடம் சொன்னதில் கூட்டுகிறோம் என்பது சரி, எதைக் கூட்டுகிறோம் என்பது தவறு. பக்கவாட்டில் இருக்கும் இடங்களைக் கூட்டுவதில்லை. ஓர் இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கூட்ட வேண்டும். மதுரை டிப்போவின் எஷலான் ஸ்டாக் என்றால் மதுரை கோடவுனில் இருப்பது, மதுரையிலிருந்து கிளம்பி லாரியில் இருப்பது, அதன் கீழ்க் கடைகளில் இருப்பது எல்லாம் சேர்த்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்குத் தர வேண்டியதை அதிலிருந்து கழிக்க வேண்டும். 1960இல் கிளார்க்கும் ஸ்கார்ஃபும் இந்த எண்ணத்தைக் கொண்டுவந்ததே, ஒவ்வோர் இடமும் தன் காலடியை மட்டும் பார்த்து ஆர்டர் போடக் கூடாது என்பதற்காக.

ஒரு கணக்கு சொல்கிறேன், எளிதாக இருக்கட்டும் என்று எண்களை நானே வைத்துக்கொண்டேன். மதுரைக்குக் கீழே தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என நான்கு கடை. ஒவ்வொன்றும் வாரம் சராசரியாக 10 பம்ப் விற்கும், மொத்தம் 40. கோவையிலிருந்து மதுரைக்குச் சரக்கு வர 3 வாரம், மதுரையிலிருந்து கடைக்கு 1 வாரம். இன்று கோவையில் ஆர்டர் போட்டால் கடையில் கிடைப்பது 4 வாரம் கழித்து. அதற்குள் 160 விற்றுவிடும். விற்பனை ஏறி இறங்குவதற்கு 32 கூட வைப்போம். ஆக மதுரையும் அதற்குக் கீழே உள்ளதும், கோவையிலிருந்து வரவேண்டியதும் சேர்ந்து 192க்குக் குறைந்தால்தான் புது ஆர்டர்.

இனி மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். வருட முடிவு, இலக்கை எட்ட வேண்டும், ஸ்கீம் கொடுத்துக் கடைகளில் சரக்கைத் திணித்தாயிற்று. கடைக்கு 45 வீதம் 180. மதுரை கோடவுனில் 30தான் மிச்சம், கோவையிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. கோடவுனை மட்டும் பார்க்கும் டிப்போக்காரர் '3 வாரத்துக்கு 120 வேண்டும், 30தான் இருக்கிறது' என்று 90க்கு ஆர்டர் போடுவார். கீழே வரை கூட்டினால் 210 இருக்கிறது. ஒன்றுகூட வேண்டாம். அந்த 90ஐயும் கோவையில் ஓவர்டைம் போட்டுச் செய்வார்கள், அது மழைக்காலம் வரை கோடவுனில் தூங்கும்.

மறுபக்கமும் உண்டு. கடைக்காரர்களின் கடன் வரம்பு முட்டிவிட்டது, சரக்கு எடுக்க முடியவில்லை. கடைகளில் மொத்தம் 12 இருக்கிறது, 10 விவசாயிகள் காத்திருக்கிறார்கள். மதுரையில் 120 நிற்கிறது. டிப்போக்காரர் நிம்மதியாக இருப்பார். உண்மைக் கணக்கு 122தான், இன்றே 70 ஆர்டர் போட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் விற்ற ஒவ்வொரு பம்புக்கும் அன்றே ஆர்டர் போடுகிறவராக இருந்தால் இரண்டு முறையும் ஒரே விடைதான் தரும். ஆனால் அவர் லோடு சேரட்டும், ஸ்கீம் வரட்டும் என்று காத்திருப்பார். அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. அதனால் 'அடுக்கு இருப்பு' என்று எழுதினால் அவர் தன் அடுக்கை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வார். நீங்கள் தடுக்க நினைத்த தவறை உங்கள் சொல்லே செய்ய வைக்கும்.

யோகன்:

சுந்தர் சொன்னது நல்லா விளங்குது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணக்கியல் படித்தபோது ஸ்டாக்குக்கு 'தொக்கு' என்றுதான் புத்தகத்தில் இருந்தது. ஆரம்பத் தொக்கு, இறுதித் தொக்கு. இப்போது பெரும்பாலும் இருப்பு என்றே எழுதுகிறார்கள். தொக்கு இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நஸீர்:

எங்கள் வீட்டில் தக்காளித் தொக்கு ஞாபகம் இருக்கிறது.

வேலாயுதம்:

சிரிக்காதீர்கள் நஸீர் தம்பி. தொகு, தொக்க, தொகை: திரண்டது, சேர்ந்தது என்று பொருள். தம்பி சுந்தர் சொன்ன எஷலான் ஸ்டாக்கும் இங்கே, வழியில், அங்கே என்று சிதறிக் கிடப்பதைத் திரட்டிச் சொல்வதுதானே? இடத்தில் இருப்பது இருப்பு, திரட்டியது தொக்கு. ஈழத்தில் வழங்கிய சொல்லுக்குப் புதிதாக ஒரு வேலையும் கிடைத்துவிடும். இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

மாலதி:

சுந்தர் சார், என் பாடக்குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன், நன்றி. ஐயா, தொக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பயிற்சியில் முதல் அரைமணி நேரம் ஊறுகாய் பேச்சாகவே போகும். பாசனத்தில் தலைமடை, கடைமடை என்கிறோமே, அதிலிருந்து எடுக்கலாமா? தலைமடையில் நீர் நிறைந்திருப்பதைப் பார்த்துக் கடைமடை நனைந்ததாக நினைக்கக் கூடாது. இதுவும் அந்தக் கதைதானே? 'கடைமடை இருப்பு'.

சுந்தர்:

உவமை கச்சிதம், சொல் தலைகீழாகிவிடும். கடைமடை இருப்பு என்றால் கடையில் மட்டும் இருப்பது என்று படிப்பார்கள். நமக்கு வேண்டியது இங்கிருந்து கடைமடை வரை.

கவிதா:

அப்படியானால் 'கடைவரை இருப்பு'? கடை என்றால் கடைசி, கடை என்றால் ஷாப். இரண்டில் எப்படிப் படித்தாலும் சரியாகத்தான் வருகிறது. 'மதுரையின் கடைவரை இருப்பு 210' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், இடறவில்லை.

வேலாயுதம்:

கடை என்பதற்கு வாயில் என்றும் பழம்பொருள் உண்டு. புறக்கடை, தலைக்கடை, சங்கப் பாட்டில் வரும் நெடுங்கடை எல்லாம் அதுதான். உங்கள் சொல் கடைசி, ஷாப் என்ற இரண்டு பொருளையும் பிடிக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் வரை என்றால் மலை. 'கடைவரை' என்றதும் எனக்குக் கடைசி மலை என்றுதான் தோன்றுகிறது. தொக்கில் இந்தத் தொல்லை இல்லை.

யோகன்:

ஐயா, டிப்போவில் இருக்கிற பொடியனுக்கு மலை தோன்றாது.

சுந்தர்:

கடைவரை இருப்புக்கு என் ஓட்டு. கையேட்டில் ஒன்று மட்டும் சேர்த்துவிடுங்கள். என் 192, கடைகளுக்குள் சரக்கு ஓரளவு சமமாகப் பிரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. தேனியில் 100 குவிந்து ராமநாதபுரம் காலியாக இருந்தாலும் கூட்டுத்தொகை அழகாகவே தெரியும். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் பம்பை மாற்றுவது வண்டிச் செலவு, பில் ரத்து, கடைக்காரரின் முறைப்பு. அதனால் மொத்தத்தோடு ஒவ்வொரு கடையில் எத்தனை வாரத்துச் சரக்கு இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவிதா:

சேர்த்துவிட்டேன். தலைப்பு 'பன்னிலைச் சரக்கிருப்பு' என்று போகிறது. பின்னால் மெல்லெழுத்துதான் நிற்கிறது ஐயா, சரிபார்த்துவிட்டேன். எஷலான் ஸ்டாக் 'கடைவரை இருப்பு'. முதல் முறை வரும் இடத்தில் சுந்தர் சாரின் மார்ச் மாதக் கணக்கை அப்படியே வைக்கிறேன்.

வேலாயுதம்:

பன்னிலை சரி. தொக்கு பற்றிய என் கருத்து மாறவில்லை என்று பதிவு செய்கிறேன்.

நஸீர்:

இப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதனால் ஒரு சந்தேகம். காலாவதியாகி, கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று மூலையில் கட்டி வைத்திருக்கும் மருந்து என் கடையில் எப்போதும் இரண்டு பெட்டி இருக்கும். கணக்கில் இருக்கிறது, விற்க முடியாது. மேலே இருக்கும் ஸ்டாக்கிஸ்ட் தன் கடைவரை இருப்பில் அதையும் கூட்டிக்கொண்டால்?

சுந்தர்:

கூட்டக் கூடாது அண்ணா. ஆனால் நான் பார்த்த இடங்களில் கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பம்பிலும் வாரண்டிக்கு வந்த பழுதுகள் கடையிலேயே கிடக்கும், கடைக்காரர் அனுப்பும் பட்டியலில் நல்லதும் கெட்டதும் ஒரே வரியில் வரும். எனக்கு அது வாரண்டி கிளெய்முக்குப் போன் வந்தபோதுதான் தெரிந்தது. கவிதா, 'விற்கத்தக்க கடைவரை இருப்பு' என்று எழுதினால் நீளமாகிவிடுமா?

கவிதா:

தலைப்புப் பத்தியில் இடமில்லை. கட்டத்துக்குள் போட முடிகிறதா என்று நாளைக்குப் பார்க்கிறேன்.