மாற்றத்தடமா, சுவடா? பெயர் மாற்றும் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கோமதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓப்பன் ஆஃபிஸ் ரைட்டருக்காகப் பல வருடங்களுக்கு முன் நாங்கள் எழுதிய 64 பக்கக் கையேட்டை லிப்ரெஆஃபிஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். திங்களன்று கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பு.

கோப்பில் இரண்டு மெய்ப்பாளர்களின் திருத்தங்கள் இன்னும் ஏற்கப்படாமல், நிறக்கோடுகளோடு அப்படியே நிற்கின்றன. மொத்தம் 38. அவற்றைக் கலைக்காமல், தலைப்பு, குறிப்பு, கட்டளை என்று போட்டிருக்கும் பாணிகளையும் கெடுக்காமல், பழைய பெயரை எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று மாணவர்களுக்கே ஒரு பக்கக் குறிப்பு எழுதப்போகிறேன். 'டிராக்டு சேஞ்ச்' என்பதற்கு என்ன சொல் போடலாம்? 'தடமாற்றம்' என்று எழுதியிருந்தேன். படித்த தோழி ஒருத்தி, ரயில் தண்டவாளம் மாறியதா என்று கேட்டாள்.

இளங்கோ எழுதியது:

அக்கா, சொல் அப்புறம். வேலையை எளிதாக முடிக்கலாம். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி கோப்பு ஒரு ஜிப்தானே. பிரித்தால் உள்ளே `content.xml` இருக்கும். அதில் ஒரே வரியில் மாற்றிவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். பாணியைத் தொடவே மாட்டோம், அதனால் அது கெடவும் கெடாது.

புலவர் ஐயா எழுதியது:

அன்புடையீர், அம்மையார் கேட்டதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நன்னூல் புணரியலில் 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்று மூன்றையும் சொல்லிவிட்டார் பவணந்தியார். இல்லாத எழுத்து வருவது தோன்றல், ஒன்று இன்னொன்றாவது திரிதல், இருந்தது மறைவது கெடுதல். மென்பொருள் செய்வதும் இவைதாமே? செருகியதைத் தோன்றல் என்போம், நீக்கியதைக் கெடுதல் என்போம், மாற்றியதைத் திரிதல் என்போம். மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். 'விகாரம்' வடசொல் என்று தயங்குவோர் 'திரிபு' என்று கொள்ளலாம். தொல்காப்பியர் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்ற மூன்றையும் திரிபு என்றே சொல்கிறார்.

கோமதி எழுதியது:

ஐயா, படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் 'கெடுதல் 12' என்று திரையில் வந்தால், கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலாண்டு மாணவன் நினைப்பான். எழுந்து வந்து என்னைக் கூப்பிடுவான்.

நாச்சியார் எழுதியது:

இளங்கோ தம்பி, நீங்கள் சொன்ன வழியில் இரண்டு பள்ளம் இருக்கிறது. நான் இரண்டிலும் விழுந்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பள்ளம்: திரையில் ஒரே சொல்லாகத் தெரிவது கோப்புக்குள் ஒரே சொல்லாக இருக்காது. யாராவது நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தால் போதும், ரைட்டர் அந்த இடத்தில் சொல்லை வெட்டித் தனித்தனிப் பொட்டலமாக வைத்துவிடும். என் கோப்பு ஒன்றில் இப்படி இருந்தது:

```
<text:span text:style-name="T4">ஓப்பன் ஆ</text:span><text:span text:style-name="T7">ஃபிஸில்</text:span>
```

இதற்குள் 'ஓப்பன் ஆஃபிஸ்' என்ற தொடர்ச்சியே கிடையாது. உங்கள் ஒருவரிக் கட்டளை இதைப் பார்க்காமலே தாண்டிப் போகும். ரைட்டரின் சொந்தத் தேடல் (Ctrl+H) பொட்டலங்களைத் தாண்டிப் படிக்கும், அதனால் பிடித்துவிடும்.

இரண்டாவது பள்ளம்தான் பெரியது. ஓடிடியில் மெய்ப்பாளர் நீக்கிய வரிகள் அந்தந்த இடத்தில் இருக்காது. ஆவணத்தின் தொடக்கத்தில் `text:tracked-changes` என்ற பகுதிக்குள், யார் நீக்கினார், எப்போது நீக்கினார் என்ற விவரத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கோப்பு முழுக்க மாற்றினால் அங்கேயும் மாறும். மெய்ப்பாளர் நீக்கியது 'ஓப்பன் ஆஃபிஸ்' இருந்த வரி. பதிவோ 'லிப்ரெஆஃபிஸ்' இருந்த வரியை அவர் நீக்கியதாகச் சொல்லும். அவர் செய்யாததை அவர் பெயரில் எழுதிவைத்தது போல ஆகிவிடும்.

அதனால் ரைட்டருக்குள்ளேயே செய்யுங்கள். முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். Edit > Track Changes பட்டியலில் Record, Show இரண்டையும் அணைத்துவிடுங்கள். Record ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு பெயர் மாற்றமும் ஒரு நீக்கலும் ஒரு செருகலுமாகப் பதிவாகும், உங்கள் 38 திருத்தங்களும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். Show அணைந்திருந்தால் நீக்கிய வரிகள் தேடலுக்குள் வராது. வேலை முடிந்ததும் Show-ஐ மறுபடி போட்டு, Manage திறந்து எண்ணிப் பாருங்கள். முன்பு 38 என்றால் இப்போதும் 38.

செல்வம் எழுதியது:

எல்லாவற்றையும் முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டு (Accept All) அப்புறம் மாற்றினால் இவ்வளவு தொல்லை வேண்டாமே? நாங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்வோம்.

நாச்சியார் எழுதியது:

எல்லாத் திருத்தமும் சரி என்று யாராவது முடிவு செய்திருந்தால் அதுதான் நல்ல வழி, மறுப்பே இல்லை. கோமதியின் மெய்ப்பாளர்கள் இருவரும் ஒரே வரியை வேறு வேறாகத் திருத்தியிருந்தால்?

கோமதி எழுதியது:

அப்படி நான்கு இடம் இருக்கிறது. எதை ஏற்பது என்று அவர்கள் இன்னும் பேசவில்லை.

நாச்சியார் அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். 'ஓப்பன் ஆஃபிஸ்' என்று தேடினால் 41 இடம்தான் வருகிறது. கண்ணால் பார்த்தாலே அதைவிட மிக அதிகம்.

நாச்சியார் எழுதியது:

புள்ளிதான் காரணம். 'ஓப்பன் ஆஃபிஸ்' என்பதன் கடைசியில் ஸ என்ற எழுத்தும் அதன் மேல் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'ஓப்பன் ஆஃபிஸில்' என்று எழுதும்போது புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி வருகிறது. 'ஆஃபிஸை', 'ஆஃபிஸுக்கு', 'ஆஃபிஸின்' எல்லாம் அப்படியே. புள்ளியோடு தேடினால் வேற்றுமை ஏறாதவை மட்டும்தான் சிக்கும். Regular expressions பெட்டியில் டிக் போட்டு, புள்ளியை விட்டுவிட்டுத் தேடுங்கள்:

```
ஓப்பன் ?ஆஃ?பிஸ
```

கேள்விக்குறி அதற்கு முந்தையது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று சொல்கிறது. இடைவெளி விட்டதும் விடாததும், ஆய்தம் போட்டதும் போடாததும் இதில் வரும். மாற்றுச் சொல்லையும் `லிப்ரெஆஃபிஸ` என்று புள்ளி இல்லாமலே கொடுங்கள். பின்னால் நிற்கும் புள்ளியோ, இகரமோ, ஐகாரமோ நகராமல் அங்கேயே நிற்கும். இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் முடிவது உங்கள் நல்லகாலம்.

புலவர் ஐயா எழுதியது:

இதைத்தான் நான் தொடக்கத்திலேயே சொன்னேன். புணர்ச்சி தெரியாமல் பெயர் மாற்ற முடியாது! 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற நூற்பாவைத்தான் அம்மையார் பெட்டியில் தட்டியிருக்கிறார்.

செல்வம் எழுதியது:

எனக்கும் இதே கதைதான் நடந்தது. எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் 'சங்கம்' என்பதைப் 'பேரவை' ஆக்கச் சொன்னார்கள். மாற்றினேன். 'சங்கத்தை', 'சங்கத்தில்' எல்லாம் அப்படியே நின்றன. அப்புறம் 'சங்கத்த' என்று தேடிப் 'பேரவைய' என்று மாற்றினேன். 'பேரவையை', 'பேரவையில்', 'பேரவையோடு' என்று அழகாக வந்தது. ஆனால் 'சங்கத்துக்கு' எல்லாம் 'பேரவையுக்கு' ஆகிவிட்டது. உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து வாசித்துக் காட்டினார். இதற்கு என்ன செய்வது?

கோமதி எழுதியது:

புள்ளியை எடுத்ததும் 173 இடம் வந்துவிட்டது. மாற்றினேன். Manage-இல் எண்ணினேன், 38 அப்படியே இருக்கிறது.

இரண்டு இடத்தில் இடித்தது. இரண்டாம் அத்தியாயத்துத் தலைப்பில் 'ஓப்பன்' மட்டும் தடித்த எழுத்திலும் 'ஆஃபிஸ்' சாதாரண எழுத்திலும் இருந்தது. மாற்றியதும் பெயர் முழுவதும் தடித்துவிட்டது. பொருந்திய பகுதியின் முதல் எழுத்துக்கு என்ன பாணியோ அதையே புதுச்சொல் முழுக்க எடுத்துக்கொள்கிறது போலும். கையால் சரிசெய்தேன். இன்னொன்று முதல் அத்தியாயம். 'செப்டம்பர் 2010இல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்து லிப்ரெஆஃபிஸ் தொடங்கியது' என்று எழுதியிருந்தோம். இப்போது லிப்ரெஆஃபிஸ் தன்னிலிருந்தே பிரிந்திருக்கிறது.

நாச்சியார் எழுதியது:

முதல் எழுத்துப் பாணி பற்றி நீங்கள் சொன்னது சரிதான். வரலாற்று அத்தியாயத்தை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து, Current selection only போட்டு மாற்றியிருக்கலாம். இப்போது எடுத்து வைத்த படியைப் பார்த்து அந்த ஓர் அத்தியாயத்தைக் கையால் திருப்பிவிடுங்கள்.

செல்வம் அண்ணாவுக்கு: 'கு' உருபை முதலில் தனியாக முடித்துவிடுங்கள். 'சங்கத்துக்கு', 'சங்கத்திற்கு' இரண்டையும் 'பேரவைக்கு' ஆக்கிவிட்டு, அப்புறம் 'சங்கத்த'. 'சங்கம்' தனியாக ஒரு சுற்று. எங்காவது 'சங்க காலம்' வந்தால் அதைத் தொடாதீர்கள்.

இளங்கோ எழுதியது:

ஒரு சந்தேகம் அக்கா. மெய்ப்பாளர் புதிதாகச் செருகிய வரிக்குள்ளும் 'ஓப்பன் ஆஃபிஸ்' இருந்திருக்குமே? Record அணைந்திருந்ததால் அது சத்தமில்லாமல் மாறியிருக்கும். அவர் பெயரும் தேதியும் அப்படியே, சொல் மட்டும் வேறு. நீக்கியதில் கைவைக்கக் கூடாது என்று என்னைத் திருத்தினீர்கள். செருகியதில் மட்டும் வைக்கலாமா?

நாச்சியார் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த வரி கையேட்டில் நிற்கப்போகிறது, அதனால் புதுப்பெயர் வேண்டும். நீக்கியது வெறும் சாட்சி. ஆனாலும் அவர் பெயரில் அவர் எழுதாத சொல் நிற்பது எனக்கும் உறுத்துகிறது. கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு கருத்துரை போட்டு மெய்ப்பாளர்களுக்குச் சொல்லிவிடுவது நேர்மை. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

புலவர் ஐயா எழுதியது:

உ.வே.சா. பதிப்புகளில் பாடம் ஒன்றைத் தேர்ந்தாலும் மற்றதைப் பிரதிபேதம் என்று கீழே காட்டுவார். ஒருவர் எழுதியதை மாற்றினால் மாற்றியது தெரிய வேண்டும். அதனால் சொல்கிறேன், திரிபு பிடிக்காவிட்டால் 'சுவடு' என்று வையுங்கள். நடந்தவர் போனாலும் சுவடு நிற்கும். சுவடி என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது என்பது என் கருத்து. எழுத்தாணி பதித்த சுவடுதானே சுவடி?

நாச்சியார் எழுதியது:

ஐயா, ஓலைகளைச் சேர்த்துக் கட்டியதால் சுவடி என்றல்லவா படித்திருக்கிறேன்? அது தனி விவாதமாக இருக்கட்டும். 'சுவடு' அழகான சொல், ஆனால் எதன் சுவடு என்று சொல்லாது. 'மாற்றத்தடம்' என்றால் தண்டவாளமும் வராது, கெட்டுப்போன கோப்பும் வராது. ஒன்றைச் சொல்ல மாற்றத்தடம், பலவற்றுக்கு மாற்றத்தடங்கள், வினையாக 'தடம் பதி'.

செல்வம் எழுதியது:

மாற்றத்தடம் எனக்குச் சரி. எங்கள் தட்டச்சர் 'ட்ராக்' என்றுதான் சொல்வார், எதை வைத்தாலும்.

இளங்கோ எழுதியது:

மாற்றத்தடத்துக்கு என் வாக்கு. ஆனால் செருகல், நீக்கல் இரண்டையும் அப்படியே விடுங்கள்.

கோமதி எழுதியது:

குறிப்பில் 'மாற்றத்தடம்' என்று போட்டு இன்று காலை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். செருகல், நீக்கல் அப்படியே. மெய்ப்பாளர்களுக்கு முதல் பக்கத்தில் கருத்துரையும் போட்டாயிற்று. அவர்களில் ஒருவர், தன் வரியில் பெயர் மாறியதைத் தனியாகக் காட்டித் தரும்படி கேட்டிருக்கிறார். அப்படி ஆறு இடம் இருக்கிறது, படியோடு ஒப்பிட்டுக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புலவர் ஐயா எழுதியது:

அச்சானது அச்சாகட்டும். சுவடு என்பதே பொருத்தம் என்ற என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் மாற்றத்தடத்துக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் பேசுவோம்.

செல்வம் எழுதியது:

'சங்கத்துக்கு' சரியாகிவிட்டது. இப்போது 'சங்கங்களின்' என்று ஓர் இடம் மாட்டியிருக்கிறது. அதற்கு?