வெட்டாத பிளாஸ்மிடை லேடரோடு ஒப்பிட்டுப் படித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கயல்_ஆய்வகம்
பி.யு.சி 19-க்குள் 750 பேஸ் ஜோடி நீளமுள்ள ஒரு ஜீனைச் செருகியிருந்தேன். வெறும் வெக்டர் 2686, ஆக மொத்தம் 3436 வரணும். மினிபிரெப் எடுத்து, வெட்டாமல், 1% அகரோஸில் ஓட்டினோம். ஒரு கிலோபேஸ் லேடர் பக்கத்திலேயே. படத்தில் கனமான பட்டை 2400 பக்கம் நின்றது, மேலே 4000-ஐத் தாண்டி மங்கலாக இன்னொன்று. மேற்பார்வையாளர் திரையில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் வெக்டரைவிடவே சின்னதா இருக்கே, செருகல் எதுவும் இல்லை, தூக்கிப் போடு" என்றார். அந்தக் காலனித் தட்டு அன்று மாலையே ஆட்டோகிளேவுக்குப் போய்விட்டது. குழாயில் மீதியிருந்த டிஎன்ஏவை மட்டும் எடுத்து வைத்து, மறுநாள் எக்கோ ஆர்-ஒன் என்சைம் போட்டு வெட்டி ஓட்டினேன். 3000-க்கும் 4000-க்கும் சரியாக நடுவில் ஒற்றைப் பட்டை! அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

செல்வம்77
இறுக முறுக்கிய சூப்பர்காயில் வட்டம் வேகமாக ஓடும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதனால்தான் நான் எப்போதும் மேலே இருக்கும் மங்கல் பட்டையைப் படிப்பேன். அது முறுக்கு அவிழ்ந்த வட்டம், அதன் அளவுதான் உண்மையான அளவு.

தேனருவி
செல்வம் அண்ணா, முதல் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை. அவிழ்ந்த வட்டம் அதே நீளமுள்ள நேர் துண்டைவிடப் பின்தங்கித்தான் ஓடும். கயலின் முதல் படமே சாட்சி: 3436 இருக்க வேண்டியது 4000-க்கு மேல் நின்றிருக்கிறது. லேடரில் இருப்பது எல்லாமே நேர் துண்டுகள். வட்டமான எதையும் அதோடு வைத்து எண் சொல்ல முடியாது, மேல்பட்டையோ கீழ்ப்பட்டையோ. ஜெல்லின் சதவீதத்தையோ வோல்டேஜையோ எத்திடியத்தின் அளவையோ மாற்றினாலே அவை இடம் மாறிவிடும்.

வெட்டாமலே பார்த்தாக வேண்டும் என்றால், பக்கத்து வரிசையில் வெட்டாத வெறும் வெக்டரை ஓட்ட வேண்டும். அதைவிட உங்கள் பட்டை பின்தங்கினால் செருகல் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே எண்ணுக்கு வேலை இல்லை, எது முந்தியது என்பது மட்டும்தான் கேள்வி. கயல் படத்தில் அந்த வரிசை இருந்திருந்தால் வெறும் பி.யு.சி 19 சுமார் 2000 அருகே நின்றிருக்கும், 2400-ஐப் பார்த்து யாரும் தட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம், இரண்டு லேடர் பட்டைகளுக்கு நடுவில் இருந்தால் சராசரி எடுக்கக் கூடாது. தூரம் அளவின் லாகரிதத்தோடுதான் போகிறது. 3000-க்கும் 4000-க்கும் நட்டநடு 3500 இல்லை, சுமார் 3460. இங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 500-க்கும் 1000-க்கும் நடுவில் வந்தால் 750 என்று எழுதுவீர்கள், உண்மையில் அது 707. கிணற்றின் விளிம்பிலிருந்து பட்டையின் முன் விளிம்பு வரை அளந்து பாருங்கள், பட்டையின் நடுவை வைத்து அளந்தால் கனமான பட்டை ஏமாற்றும். லேடரின் மேல் முனையில் பட்டைகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இந்தக் கணக்கும் உதவாது.

நெய்தல்_நிலம்
எனக்கு நடந்ததும் இதேதான், லேடர் கெட்டுப்போனது! லாம்டா டிஎன்ஏவை ஹிண்ட்-த்ரீயில் வெட்டிய மார்க்கர். 4361 பட்டை மட்டும் கிட்டத்தட்டக் காணவே இல்லை. 9416, 6557 எல்லாம் பளிச்சென்று இருக்க, அதற்கு அடுத்து ஒரே தாவலில் 2322. நாங்கள் அந்த 2322-ஐ 4361 என்று எண்ணி, அதற்குக் கீழே எல்லாவற்றையும் ஒரு படி தள்ளிப் படித்துவிட்டோம். பிறகு ஒரு அக்கா சொன்னார், லாம்டாவின் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொள்ளும் வகை, 4361 போய் 23130-இன் வாலில் ஒட்டிக்கொண்டுவிடும் என்று. மார்க்கரை 65 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி உடனே ஐஸில் வைத்து ஏற்றினோம், பட்டை திரும்பி வந்தது.

தேனருவி
அது கெட்டுப்போன லேடர் இல்லை, நெய்தல். கயலின் கதையும் வேறு. ஆனால் சூடாக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள்.

பாலா_ஜெல்
எல்லாரும் வோல்டேஜைக் குறையுங்கள். மினிபிரெப்பில் உப்பு மிச்சம் இருந்தால் அந்த வரிசை மட்டும் பின்தங்கும், லேடரில் உப்பு குறைவு, ஒப்பீடே தவறிவிடும். லேடரையும் அதே என்சைம் பஃபரில் கலந்து ஏற்றுங்கள். லேடர் நடுவிலும் மாதிரி ஓரத்திலும் இருந்தால் சூட்டினால் பட்டைகள் வளைந்து ஓர வரிசைகள் பின்தங்கும், அதனால் இரண்டு பக்கமும் லேடர் போடுங்கள். டிஎன்ஏவை அதிகமாக ஏற்றாதீர்கள், முக்கியமாக ஜெல்ரெட் முன்கூட்டியே கலந்த ஜெல்லில் பட்டை இழுத்துக்கொண்டு இடம் மாறும்.

கயல்_ஆய்வகம்
உப்பு பற்றிச் சொன்னது பயன்படும், பாலா. தேனருவி அக்கா, இன்னொன்று கேட்கணும். எக்கோ ஆர்-ஒன் போட்ட வரிசையிலும் 2400 பக்கம் ஒரு மெல்லிய பட்டை மிச்சம் இருக்கிறது. வெட்டுப்படாமல் மீந்ததா?

தேனருவி
அப்படித்தான் இருக்கும். ஆனால் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெட்டாததையும் வெட்டியதையும் அடுத்தடுத்த வரிசையில் மறுபடி ஓட்டிப் பார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் மீந்ததுதான்.