புதுப்பிப்பு: கச்சேரி நேரலை முடிந்த பிறகு தலைப்பு

முன்பு கேட்டது: "யூடியூபில் திட்டமிட்ட நேரலைக்கு 'இன்று மாலை 6 மணிக்கு' என்று தலைப்பு வைத்தால் பதிவிலும் அதுவே நிற்குமா? மாற்றினால் பகிர்ந்த இணைப்பு போய்விடுமா?"

நாமே மாற்றாதவரை நிற்கும். இணைப்பு போகாது, திட்டமிட்டபோது கிடைத்த முகவரியிலேயே பதிவும் இருக்கிறது. "அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்" என்ற நண்பரின் யோசனையைத் தள்ளிவிட்டேன். புதுத் தலைப்பு தேடலுக்கு உதவும் என்பது சரிதான், ஆனால் அழித்தால் கருத்துகளும் பழைய இணைப்பும் போய்விடும்.

ஒளிப்பதிவாளர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம், கைபேசியில் வால் வெட்டுப்படும். அதனால் பாடகர் பெயரும் பிரதான ராகமும் முதலில், தேதி விவரிப்புக்குள். சுருதி சேர்த்த முன்பகுதியை முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் விவரிப்பில் நேரக்குறி எழுதச் சொன்னார். வரிசை மாறினால் எல்லாக் குறியும் தள்ளிப்போகும்.

```
0:00 வர்ணம்
8:15 கல்யாணி ஆலாபனை
41:30 தனி ஆவர்த்தனம்
```

0:00-வில் தொடங்கி, குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் இருந்தால்தான் பகுதிகளாகப் பிரியும்.

'கல்யாணி' என்று தேடுபவர்களுக்கும் 'Kalyani' என்று தட்டுபவர்களுக்கும் ஒரே தலைப்பு போதுமா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போதைக்கு இரண்டையும் விவரிப்பின் முதல் வரியில் வைத்திருக்கிறேன்.